27 மீட்டர் கட்டடம், ஃப்ளாட்டா லாட்ஜா? ஃபயர் டேங்க் கணக்கு ரெண்டுக்கும் வேற வேற

ஒத்தக்கடைப் பக்கம் மேலூர் ரோட்டை ஒட்டி இருபது சென்ட் இடம், ஓனர் நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி. கீழ ஸ்டில்ட் பார்க்கிங், மேல எட்டு மாடி, அதுவரைக்கும் முடிவாயிருச்சு, மாடிக்கு 3 மீட்டர்னு வச்சா மொத்தம் 27 மீட்டர் வருது. ஆனா உள்ள ஃப்ளாட் போட்டு விக்கிறதா இல்ல மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கிட்டத்தானே இருக்கு, லாட்ஜே நடத்திரலாமான்னு மனசு ரெண்டா நிக்குது. இதுக்கு நடுவுல அவருக்கு வந்த கொட்டேஷன் ரெண்டுல ஒண்ணுல ஃபயர் டேங்க் 25,000 லிட்டர்னு இருக்கு, இன்னொண்ணுல ஒன்றரை லட்சம் லிட்டர்னு இருக்கு. "ஏந் தம்பி, கட்டடம் ஒண்ணு, உயரம் ஒண்ணு, இவன் எனக்குத் தொட்டி விக்கப் பாக்குறானா"ன்னு கேட்டாரு. இல்ல அண்ணாச்சி, ரெண்டு பேருமே சரியாத்தான் போட்டிருக்காங்க, ஒருத்தர் ஃப்ளாட்டுக்குப் போட்டாரு, இன்னொருத்தர் லாட்ஜுக்குப் போட்டாரு, அவ்வளவுதான்.

இதை எழுத உக்காந்த காரணமே, மதுரையில பாதிப்பேரு ஃபயர் டேங்க்னா உயரத்தை வச்சு மட்டும் முடிவாகுற விஷயம்னு நினைக்கிறாங்க. உயரம் ஒரு பாதிதான். தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, அதுல நாலாவது பகுதி தீ சம்பந்தப்பட்டது, அதுக்குள்ள ஒரு பெரிய டேபிள் இருக்கு, டிசைனர் எல்லாரும் முதல்ல புரட்டுறது அதைத்தான். அந்த டேபிளை முதல்ல கட்டடத்தோட உபயோகத்தை வச்சுப் பிரிச்சிருக்காங்க, குடியிருப்பு, ஹோட்டல், ஆஸ்பத்திரி, ஆபீஸ், கடைன்னு, அப்புறம்தான் ஒவ்வொண்ணுக்குள்ளயும் உயரம் வரும். அதனால உயரத்தை மட்டும் சொல்லிட்டு டேங்க் எவ்வளவுன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது.

நம்ம 27 மீட்டருக்கு ஃப்ளாட் வரிசையில என்ன சொல்லுதுன்னா, தரைக்குக் கீழ தொட்டி தேவையில்லை, மொட்டைமாடியில 25,000 லிட்டர், அதுல இருந்து கீழ இறங்குற டவுன்கமர் பைப், மாடிக்கு மாடி வால்வு, மேலயே நிமிஷத்துக்கு 900 லிட்டர் தள்ளுற பம்பு. அதே உயரத்துக்கு ஹோட்டல் வரிசைக்குப் போனா தரையில ஒன்றரை லட்சம் லிட்டர், மொட்டைமாடியில தனியா 20,000, கீழ இருந்து மேல ஏறுற வெட் ரைசர், அதுக்கு ஒரு கரண்ட் பம்பு, ஒரு டீசல் பம்பு, பைப்புல பிரஷர் இறங்காம பாத்துக்க ஒரு சின்ன ஜாக்கி பம்பு. ஹோட்டலே 30 மீட்டரைத் தாண்டிருச்சுன்னா ஒன்றரை லட்சம் ரெண்டு லட்சமாயிரும். நம்ம ஊரு விதிகள்ல 18.30 மீட்டரைத் தாண்டினாலே ஹைரைஸ் கணக்கு, அதனால ஃப்ளாட்டோ லாட்ஜோ தீயணைப்புத் துறை என்ஓசி இல்லாம எதுவும் நகராது, அதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல.

இப்போ இந்த நம்பர்லாம் எங்க இருந்து வருதுன்னு பாத்தா கொஞ்சம் தெளிவாகும். தொட்டி அளவுன்னா ஒரே கணக்குதான், நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணி போகணும், எத்தனை நிமிஷம் போகணும், ரெண்டையும் பெருக்குறது. 25,000-ஐ 900-ஆல வகுத்துப் பாருங்க, 27, 28 நிமிஷம் வரும். அதாவது ஒரே நேரத்துல ரெண்டு ஹோஸ் அடிச்சா, தலைக்கு 450 லிட்டர், கிட்டத்தட்ட அரை மணி நேரம் தாங்கும். ஒன்றரை லட்சத்தை 2,280-ஆல வகுங்க (அந்தப் பெரிய பம்போட வேகம் நிமிஷத்துக்கு 2,280 லிட்டர்), 65 நிமிஷம் சொச்சம். ஆக லாட்ஜுக்குத் தண்ணி ரெண்டரை மடங்கு வேகமாப் போகுது, நேரமும் ரெண்டு மடங்குக்கு மேல போகுது, ரெண்டும் சேர்ந்ததாலதான் தொட்டி ஆறு மடங்கு ஆகுது. டேபிள் எழுதுனவங்க இந்த வகுத்தலைத்தான் மனசுல வச்சிருந்தாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா எந்த நம்பரைப் பார்த்தாலும் இப்படி நிமிஷமா மாத்திப் பாக்குறது என் பழக்கம், லிட்டர்னு சொன்னா ஓனருக்கு ஒண்ணும் தோணாது, அரை மணி நேரம்னு சொன்னா உடனே புரியும்.

ஏன் ஃப்ளாட்டுக்கு அரை மணி, லாட்ஜுக்கு ஒரு மணின்னு கேட்டா, ஃப்ளாட்ல ஒவ்வொரு வீடும் சுவரால தனித்தனியா இருக்கு, அங்க இருக்கிறவனுக்குப் படி எங்கன்னு கண்ணை மூடிட்டுத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். லாட்ஜுல மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்து ராத்திரி தங்குன வெளியூர்க்காரங்க, லிஃப்ட்ல ஏறி ரூமுக்குப் போனவங்க, படிக்கட்டு எந்தப் பக்கம்னே பாத்திருக்க மாட்டாங்க, நீளமான வராண்டா, ரெண்டு பக்கமும் மெத்தை, திரைச்சீலை, கீழ கிச்சன். ஆளை வெளிய கொண்டு வரவே நேரம் ஆகும், அதுவரைக்கும் நெருப்பை அடக்கி வைக்கத் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும், அதோட மேல ஸ்பிரிங்க்ளர் வேற அதே தொட்டியில இருந்து குடிக்கும்.

இதே கணக்கைக் கடைக்குப் போட்டா இன்னும் நல்லாப் புரியும். மாசி வீதிப் பக்கம் இருக்கிற மாதிரி பல மாடி ஜவுளிக்கடைன்னு வச்சுக்கங்க. அமெரிக்காவுல ஸ்பிரிங்க்ளர் டிசைனுக்கு வச்சிருக்கிற என்எஃப்பிஏ 13 முறையில கடைகளுக்கு நிமிஷத்துக்கு ஒரு சதுர மீட்டர்ல 8.1 லிட்டர் வீதம் 139 சதுர மீட்டர் நனையணும்னு கணக்கு, அது ஸ்பிரிங்க்ளருக்கு மட்டும் 1,126 லிட்டர், அதோட ஹோஸுக்கு 946 லிட்டர் சேர்த்தா நிமிஷத்துக்கு 2,070 பக்கம் வருது. ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணேகால் லட்சம் லிட்டர், அலாரம் கண்காணிப்பு சரியில்லாத இடம்னா ஒன்றரை மணி நேரம் போடுவாங்க, அப்போ ஒண்ணு எண்பத்தாறு. கவனிச்சீங்கன்னா இந்தக் கணக்குல உயரம்னு ஒரு வார்த்தையே வரல. இந்த முறையில உயரம் பம்போட தள்ளுற சக்தியைத்தான் முடிவு பண்ணுது, எவ்வளவு தண்ணி வேணும்ங்கிறதை உள்ள என்ன எரியுதுங்கிறதுதான் முடிவு பண்ணுது. ஆனா நம்ம ஊர்ல என்ஓசிக்குப் போகும்போது டேபிள்ல இருக்கிற அளவுக்குக் குறையவே கூடாது, சொந்தக் கணக்கு அதைவிடப் பெருசா வந்தா பெருசைக் கட்டணும், சின்னதா வந்தா டேபிள்தான்.

சரி, அண்ணாச்சி கேஸுக்கு வருவோம். அவர் முன்னாடி நிஜமா மூணு வழி இருக்கு. ஃப்ளாட் போட்டு மொட்டைமாடித் தொட்டியோட முடிச்சுக்கிறது. ஃப்ளாட்தான், ஆனா பெரிய கட்டடத்துக்கு மாதிரி கீழ சம்ப் வச்சு வெட் ரைசர் போட்டுக்கிறது (35 மீட்டரைத் தாண்டுற ஃப்ளாட்டுக்கு விதியே 75,000 லிட்டர் சம்ப் கேக்குது, அதை நாமளே முன்கூட்டிக் கட்டிக்கிறது). இல்ல லாட்ஜ், முழு ஒன்றரை லட்சம்.

மொட்டைமாடித் தொட்டியில எனக்குப் பிடிச்ச விஷயம் கரண்ட் போனாலும் தண்ணி இறங்கும். தீப்பிடிச்சா முதல் வேலையா ஃபியூஸைப் புடுங்குவாங்க, அது எல்லா இடத்துலயும் நடக்குறதுதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் பிரஷர்னு வச்சுக்கங்க, தொட்டி தண்ணி மட்டம் 28 மீட்டர்ல இருக்குன்னா மூணாவது மாடி வால்வு பத்து மீட்டர் உயரத்துல இருக்கும், அங்க பம்பு ஓடாமலே 1.8 பார் கிடைக்கும், முழு வேகம் இல்லாட்டியும் அடிக்கலாம். அதே நேரத்துல எட்டாவது மாடியில நிலைமை மோசம், வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவுல மூணு மீட்டர்தான், 0.3 பார், தோட்டத்துக்குத் தண்ணி விடலாம், நெருப்பை அணைக்க முடியாது. விதி கேக்குறது 3.5 பார். அதுக்குத்தான் மேல அந்த 900 லிட்டர் பம்பு. அந்தப் பம்புக்கு மெயின் சுவிட்சுக்கு முன்னாடியே தனி லைன் எடுத்து, ஜெனரேட்டர் இணைப்பும் குடுத்திருந்தா மேல் மாடிக்காரங்க பொழைப்பாங்க, பொது மீட்டர்ல இருந்து எடுத்திருந்தா ஃபியூஸ் புடுங்குன நிமிஷமே பம்பு செத்துரும். டேங்க் 25,000-ஆ 30,000-ஆன்னு சண்டை போடுறதை விட இந்த ஒயரைப் பாக்குறது முக்கியம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் இந்த மொட்டைமாடித் தொட்டி முறைக்கு ஏன் 35 மீட்டர்னு ஒரு உயர எல்லை வச்சிருக்காங்கன்னும் இதுலயே பாத்துரலாம். பம்பு 3.5 பார் குடுக்குது, 27 மீட்டர் கட்டடத்துல கீழ்மாடி வால்வுல அதோட 2.6, 2.7 பார் ஈர்ப்பு விசையும் சேரும், மொத்தம் ஆறு சொச்சம். ஹோஸைக் கையில பிடிக்கிறவனுக்கு 7 பார்தான் மேல் எல்லை. 35 மீட்டர் போனா 3.5-ம் 3.5-ம் சேர்ந்து சரியா ஏழு. அதுக்கு மேல மொட்டைமாடிப் பம்பு டவுன்கமர் வச்சா கீழ நிக்கிறவனை ஹோஸ் தூக்கி அடிச்சிரும்.

25,000 லிட்டர்னா 25 டன் எடை, இதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட ஆரம்பத்துலயே சொல்லணும். உள் அளவு 4 மீட்டருக்கு 3 மீட்டர்னு வச்சா 12 சதுர மீட்டர், தண்ணி மட்டும் 2.1 மீட்டர் உயரம் நிக்கணும். ஆனா தொட்டியை 2.1 உயரத்துக்குக் கட்டினா பத்தாது, அடியில சகதிக்கும் பைப் வாய்க்கும் ஒரு 15 சென்டிமீட்டர் போயிரும், மேல ஃப்ளோட் வால்வு, ஓவர்ஃப்ளோ பைப்புக்கு ஒரு 30 போயிரும், உள் உயரம் 2.55 வேணும். நாம எண்ணுறது பம்பு உறிஞ்ச முடியிற தண்ணியை மட்டும்தான். கீழ கிடக்கிறது தண்ணியா இருந்தாலும் கணக்குல வராது.

ரெண்டாவது வழி, அதாவது ஃப்ளாட்டுக்குக் கீழ சம்ப். பேப்பர்ல பாக்கும்போது இதுதான் பெரிய பாதுகாப்பு மாதிரித் தெரியும், 75,000-ஐ 2,280-ஆல வகுத்தா 33 நிமிஷம், ஹோஸும் மூணு நாலு அடிக்கலாம். ஆனா நான் இதுக்கு ஆதரவு இல்ல. பம்பு ரூம்ல டீசல் இன்ஜின் இருக்கும், அதுக்கு பேட்டரி இருக்கும், வாரா வாரம் ஓட்டிப் பாக்கணும். பில்டர் சாவியைக் குடுத்துட்டுப் போன ரெண்டு வருஷத்துல அசோசியேஷன்ல யாரு இதைப் பாக்குறது, மெயின்டெனன்ஸ் காசு வாங்குறதே பெரும்பாடு. பேட்டரி செத்து, கரண்டும் போச்சுன்னா சம்ப்ல இருக்கிற 75,000 லிட்டரும் கீழயே கிடக்கும், ஒரு சொட்டு மேல ஏறாது. மொட்டைமாடித் தொட்டி அப்படிக் கைவிடாது, பாதிக்கட்டடத்துக்காவது தண்ணி தானா இறங்கும். 27 மீட்டர் ஃப்ளாட்டுக்கு நான் மேல்தொட்டியைத்தான் சொல்வேன், வேணும்னா அந்தக் காசுல தொட்டியை 35,000 ஆக்கிக்கங்க, ஜெனரேட்டர் லைனை ஒழுங்காப் போடுங்க.

ஒரு நிபந்தனை இருக்கு, கீழ பேஸ்மென்ட் தோண்டக் கூடாது. 200 சதுர மீட்டருக்கு மேல பேஸ்மென்ட் வந்துருச்சுன்னா அங்க ஸ்பிரிங்க்ளர் போடணும், தண்ணியும் பம்பும் கூடிரும். அண்ணாச்சி ஸ்டில்ட்தான் போடுறாரு, தப்பிச்சாரு. ஆனா அவர் வாயில இருந்து நடுவுல ஒண்ணு விழுந்துச்சு, "கீழ முன்பக்கம் ரெண்டு கடை இறக்கி வாடகைக்கு விடலாம்ல"ன்னு. மதுரையில எல்லாரும் செய்றதுதான். ஆனா ஃப்ளாட்டும் கடையும் ஒரே கட்டடத்துல வந்தா, நடுவுல தீ தாங்குற சுவரும் தளமும் வச்சு முறையாப் பிரிக்கலைன்னா எது கடுமையான விதியோ அது முழுக் கட்டடத்துக்கும் வந்து உக்காந்துக்கும். ரெண்டு கடை வாடகைக்காக 25,000 லிட்டர் தொட்டி லட்சக்கணக்குல போயிரும். அதைச் சொன்னதும் அந்த யோசனை அங்கயே நின்னுருச்சு.

மூணாவது, லாட்ஜ். இதுல வேற வழியே இல்ல, சம்ப் கட்டித்தான் ஆகணும், கேள்வி எங்க எப்படிங்கிறதுதான். ஒன்றரை லட்சம் லிட்டர்னா 150 கன மீட்டர். ரெண்டு அறையாப் பிரிக்கணும், ஒண்ணைக் கழுவும்போது இன்னொண்ணுல தண்ணி இருக்கணும்னுதான், ரெண்டையும் வால்வோட இணைச்சிரணும். ஒவ்வொரு அறையும் 6-க்கு 5 மீட்டர், பம்புக்குக் கிடைக்கிற தண்ணி ஆழம் 2.5 மீட்டர், அப்போ தலைக்கு 75 கன மீட்டர், சரியா வருது. உள் ஆழம் 3.1 மீட்டராவது தோண்டணும். இடத்துல பாத்தா 60 சதுர மீட்டர், ஒன்றரை சென்ட் போயிருச்சு, சுவர் தனி.

இங்கதான் காண்ட்ராக்டர்கள் ஒரு வேலை பண்ணுவாங்க, தெரிஞ்சோ தெரியாமலோ. வரைபடத்துல 6-க்கு 5-க்கு 2.5, ரெண்டு அறைன்னு போட்டு 1,50,000 லிட்டர்னு எழுதிருப்பாங்க, பெருக்கிப் பாத்தா சரியாவும் இருக்கும். ஆனா அந்த 2.5 மீட்டர் தரையில இருந்து மேல்தளம் வரைக்கும் உள்ள உயரம். மேல 30 சென்டிமீட்டர் காத்து, அடியில உறிஞ்சு பைப்புக்குக் கீழ 20 சென்டிமீட்டர், ரெண்டும் போக நிஜமாக் கிடைக்கிறது 2 மீட்டர். மொத்தம் 1,20,000. முப்பதாயிரம் லிட்டர் காணோம், பம்பு வேகத்துல அது 13 நிமிஷம். டிராயிங்கை வாங்கினதும் ஓவர்ஃப்ளோ பைப்போட அடிமட்டம் எங்க, பம்பு உறிஞ்சுற வாய் மட்டம் எங்கன்னு இந்த ரெண்டு லெவலை மட்டும் கேளுங்க, நடுவுல உள்ளதுதான் உங்க தொட்டி.

உறிஞ்சுற வாய் பத்தி இன்னொண்ணு. பம்பு தொட்டியோட தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா தண்ணி தானா பம்புக்குள்ள நிறைஞ்சிருக்கும், பட்டனை அமுக்குனா ஓடிரும். பம்பு மேல, சம்ப் கீழன்னு வச்சா ஃபுட் வால்வு, பிரைமிங்னு போகணும், நம்ம ஊரு உப்புத் தண்ணிக்கு ஃபுட் வால்வு எத்தனை நாளைக்கு ஒழுங்கா மூடும்னு வீட்டு போர்வெல் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால பம்பு ரூமும் தொட்டி ஆழத்துக்கே இறங்கணும், விதியும் அதைத்தான் விரும்புது, ஆனா அப்படின்னா தோண்டுற வேலை கூடும்.

தோண்டுறதுன்னதும் ஒத்தக்கடைக்காரங்களுக்கு முகம் மாறிரும், பக்கத்துல யானைமலையே நிக்குது, ஒரு ஆள் ஆழம் போனா பாறை தட்டுற இடங்கள் இங்க சகஜம். வெடி வைக்க முடியாது, சுத்தி வீடு, பிரேக்கர் வச்சு இடிச்சு இடிச்சு எடுக்கணும். சம்ப், பம்பு ரூம் ரெண்டுக்கும் சேர்த்து சுவர் தடிமன் எல்லாம் கணக்குப் போட்டா 300 கன மீட்டருக்குக் குறையாமத் தோண்டணும். அண்ணாச்சிகிட்ட நான் சொன்னது, முதல்ல மண் டெஸ்ட் போடுங்க, பாறை எத்தனை அடியிலன்னு தெரியாம லாட்ஜா ஃப்ளாட்டான்னு பேசுறது வீண் பேச்சு. பாறை மேலயே இருந்தா தொட்டியைத் தரைக்கு மேல கட்டிக்கலாம், பம்புக்கும் அது வசதி, தண்ணி தானா நிறையும். ஆனா ஸ்டில்ட்ல நாலஞ்சு கார் நிக்கிற இடம் போகும். கட்டடத்தைச் சுத்தி விடுற காலி இடத்துல தொட்டியைத் தூக்கி நிறுத்தவும் முடியாது, அது தீயணைப்பு வண்டி சுத்தி வர்ற வழி. அந்த வழிக்குக் கீழ புதைச்சுக் கட்டலாம், அப்போ மேல்தளம் 45 டன் வண்டி எடையைத் தாங்குற மாதிரி டிசைன் பண்ணணும், சாதாரண சம்ப் மூடி போட்டா வண்டி உள்ளயே இறங்கிரும்.

வண்டி வருமே, அதுல தண்ணி இருக்குமேன்னு நிறையப் பேர் கேப்பாங்க. சாதாரண வாட்டர் டெண்டர் ஒண்ணுல 4,500 லிட்டர் பக்கம்தான் இருக்கும், ரெண்டு ஹோஸ் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல காலி. அதுக்கப்புறம் உங்க தொட்டியில இருந்துதான் அது உறிஞ்சி உங்க பைப்புலயே ஏத்தும். அதுக்காகத்தான் சம்ப்ல இருந்து வண்டி தண்ணி எடுக்கிற இணைப்பும், தரை மட்டத்துல ஹோஸ் மாட்டுற வாயும் வைக்கச் சொல்றாங்க. கேட் பக்கத்துல, கண்ணுல படுற மாதிரி வைங்க, பூச்செடிக்குப் பின்னாடி வைக்காதீங்க.

எந்த வழியா இருந்தாலும் மதுரையில ஃபயர் டேங்குக்கு எதிரி கோடைகாலம்தான். வைகை காஞ்சு, போர் இறங்கி, லாரித் தண்ணிக்குக் காத்துக் கிடக்கிற ஏப்ரல், மே மாசத்துல மேல 25,000 லிட்டர் சும்மா நிக்குதுன்னா வாட்ச்மேனுக்குக் கை சும்மா இருக்காது. பூட்டுப் போட்டு இதைத் தடுக்க முடியாது, பைப் போடுற விதத்துலதான் தடுக்கணும். தண்ணி முதல்ல ஃபயர் டேங்குக்குள்ள வரணும், அது நிறைஞ்சு வழியிறது மட்டும்தான் வீட்டு உபயோகத் தொட்டிக்குப் போகணும். இப்படிப் போட்டா வீட்டுக்குத் தண்ணி வருதுன்னாலே ஃபயர் டேங்க் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம், தண்ணியும் தேங்கி நாறாம மாறிக்கிட்டே இருக்கும். விதியும் இதையேதான் சொல்லுது. ஒரே தொட்டியா வச்சு, வீட்டு பைப்பை மேல் மட்டத்துலயும் ஃபயர் பைப்பை அடியிலயும் எடுக்கிறதும் உண்டு, அதுவும் வேலை செய்யும், ஆனா பிளம்பர் ஒருநாள் வந்து "மேல இருக்கு, அழுத்தம் பத்தல"ன்னு வீட்டு பைப்பை அடிக்கு இறக்கிட்டுப் போயிட்டா யாருக்கும் தெரியாது. தனித்தனித் தொட்டியா இருந்தா அது நடக்காது.

கட்டி முடிச்சதும் டேங்கும் பம்பும் சொன்ன அளவுதானான்னு பாக்க ஒரு எளிய வழி இருக்கு. மீட்டர் வேண்டாம், ஒரு அளவுக்கோல் போதும். 12 சதுர மீட்டர் தொட்டியில பம்பு நிஜமா 900 தள்ளுனா தண்ணி மட்டம் நிமிஷத்துக்கு 7.5 சென்டிமீட்டர் இறங்கணும். தொட்டிக்கு வர்ற பைப்பை மூடிட்டு, எட்டாவது மாடியில ரெண்டு ஹோஸைத் திறந்து விட்டு நாலு நிமிஷம் ஓட்டுனா 30 சென்டிமீட்டர். 18, 20 தான் இறங்குதுன்னா ஏத்துக்காதீங்க, பம்பு சின்னது, இல்லன்னா எங்கயோ வால்வு பாதி மூடியிருக்கு. லாட்ஜ் சம்ப்ல ரெண்டு அறையும் திறந்து 60 சதுர மீட்டர், 2,280 ஓடுனா நிமிஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர். ரெண்டு அறையும் ஒரே மாதிரி இறங்குதான்னும் அப்பவே பாருங்க, ஒண்ணு இறங்கி ஒண்ணு அப்படியே நின்னா நடுவுல இணைப்பு வால்வு மூடியிருக்கு, உங்க ஒன்றரை லட்சம் எழுபத்தஞ்சாயிரம்தான்.

அண்ணாச்சிக்கு நான் கடைசியா சொன்னது இதுதான். ஃப்ளாட்னு உறுதியா விக்கிறதா இருந்தா மேல்தொட்டி, டவுன்கமர், சம்ப் பக்கமே போக வேண்டாம். ஆனா "இப்போ ஃப்ளாட்னு போடுவோம், விக்கலைன்னா லாட்ஜாக்கிக்கலாம்"னு ஓரமா ஒரு நினைப்பு இருந்தா இப்பவே அஸ்திவாரத்தோட சேர்த்து ஒன்றரை லட்சம் சம்ப்பைக் கட்டிருங்க. எட்டு மாடி நின்ன பிறகு அதுக்கு அடியில 300 கன மீட்டர் பாறையை எடுக்க எந்தக் காண்ட்ராக்டரும் வர மாட்டான், வந்தாலும் சொல்ற ரேட்டுக்கு இன்னொரு மாடியே கட்டிரலாம், இருக்கிற 25,000-ஐ வச்சு லாட்ஜுக்கு என்ஓசியும் கிடைக்காது. மேல 20,000 ஏற்கனவே 25,000-ல அடங்கிருச்சு, அதுல கவலை இல்ல. அவர் இப்போ மண் டெஸ்ட்டுக்கு ஆள் விட்டிருக்காரு, நாலு மூலையிலயும் போடச் சொல்லிருக்கேன், ஒரே இடத்துல போட்டா அங்க மட்டும் மண்ணு ஆழமா இருக்கும், ரெண்டடி தள்ளிப் பாறை நிக்கும்.